வறுத்த கடலையும் துண்டு முந்திரியும் ஏன் சிக்கு வாடை அடிக்கின்றன?

வாசகியின் கேள்வி

திருச்சி மாவட்டத்தில் வீட்டிலிருந்தே கடலை உருண்டையும் முந்திரி கேக்கும் செய்து விற்கிறேன். ஏப்ரல் தொடக்கத்தில் மொத்தக் கடையில் 15 கிலோ வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலையும் 5 கிலோ துண்டு முந்திரியும் உதிரியாக வாங்கி, மூடி இறுக்கமான பழைய தகர டின்களில் போட்டுச் சமையலறைப் பரணில் வைத்தேன். ஜூன் மாதம் பிடித்த உருண்டையில் பழைய எண்ணெய் வாடை அடிப்பதாகவும், தொண்டையில் காறுவதாகவும் வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள். முந்திரியும் லேசாக அப்படித்தான் இருக்கிறது. டின்னில் பூச்சியோ பூசணமோ இல்லை. கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிட்டாரா? அவர்மீது புகார் கொடுக்கலாமா? மீதியுள்ள 6 கிலோ கடலையை வெயிலில் காயவைத்தோ, மறுபடி வறுத்தோ பயன்படுத்தலாமா? இல்லையென்றால் செக்கில் கொடுத்து ஆட்டிவிடலாமா? சிக்கு பிடித்த கடலை புற்றுநோய் தரும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். பிரிட்ஜில் வைத்தால் நமுத்துவிடும் என்பதால் வைக்கவில்லை. இனி எப்படி வைப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

உணவுத் தொழில்நுட்ப ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உடனே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மீதியுள்ள கடலையை இனி எந்தப் பண்டத்திலும் சேர்க்க வேண்டாம். ஜூன் மாதம் பிடித்த உருண்டை கடைகளில் இன்னும் இருந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். முந்திரியைப் பொறுத்தவரை, கீழே சொல்லும் சோதனையைச் செய்துவிட்டு முடிவெடுக்கலாம். வெயிலோ, மறு வறுவலோ, செக்கோ இந்தக் கடலையை மீட்டுத் தராது. ஏன் என்பது புரிய, கடலைக்குள் என்ன நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

நிலக்கடலையின் எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெய். முந்திரியில் அதைவிடச் சற்றே குறைவு. அந்த எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களில் சில, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு எளிதில் சேரும் இயல்புடையவை. அவற்றுள் முதன்மையானது லினோலிக் அமிலம். நிலக்கடலை எண்ணெயில் இது பொதுவாக மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கிறது. முந்திரியில் அதைவிடக் குறைவாகவும், நிலையான ஒலியிக் அமிலம் அதிகமாகவும் இருக்கின்றன. ஒலியிக் அமிலத்தோடு ஒப்பிட்டால் லினோலிக் அமிலம் ஆக்சிஜனோடு சேரும் வேகம் ஏறக்குறைய பத்து மடங்கு. ஒரே பரணில், ஒரே காலம் இருந்தும் உங்கள் கடலை முழுவதுமாகக் கெட்டு, முந்திரி ‘லேசாக’ மட்டும் கெட்டதற்கு இதுவே முதற்காரணம்.

ஆக்சிஜன் சேர்ந்ததும் முதலில் உருவாவது ஹைட்ரோபெராக்சைடு எனப்படும் பொருள். அதற்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. ஆனால் உருவான ஒவ்வொன்றும் பக்கத்திலுள்ள கொழுப்பையும் இதே மாற்றத்துக்கு இழுப்பதால், தொடக்கத்தில் மிக மெதுவாக நடப்பது ஒரு கட்டத்துக்குப் பிறகு திடீரென வேகமெடுக்கிறது. பிறகு இவை உடைந்து ஹெக்ஸனால் போன்ற ஆல்டிஹைடுகளாகின்றன. நம் மூக்குக்கு எட்டும் பெயின்ட் வாடையும், பழைய அட்டைப்பெட்டி வாடையும், பொரித்து வைத்த பழைய எண்ணெயின் வாடையும் இந்த ஆல்டிஹைடுகளிலிருந்தே வருகின்றன. ஆகவே வாடை தெரியும் நாள், கெடுதல் தொடங்கிய நாள் அல்ல. பல வாரங்களாக ஓசையின்றி நடந்துவந்த ஒன்று வெளியே தெரியும் நாள். ஏப்ரலிலும் மே மாதத்திலும் குறை சொல்லாத வாடிக்கையாளர்கள் ஜூனில் ஒன்றாகச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

வறுத்ததுதான் முதல் இடம்

சரக்கு பழையதா புதியதா என்று நீங்கள் கேட்கிறீர்கள். அதைவிட முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, அது பச்சையா வறுத்ததா என்பது. ‘வறுத்தால் ஈரம் போய்விடும், ஆகவே நாள்பட இருக்கும்’ என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பூசணத்தைப் பொறுத்தவரை அது சரி. சிக்கு வாடையைப் பொறுத்தவரை நேர்மாறு.

பச்சைக் கடலையில் எண்ணெய், கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக, ஒவ்வொன்றும் மெல்லிய புரத உறையால் மூடப்பட்டுச் செல்லுக்குள் இருக்கிறது. அதன் மேல் செந்நிறத் தோல். அந்தத் தோலிலேயே ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பாலிபீனால்கள் உண்டு. எண்ணெயினுள் வைட்டமின் ஈ இருந்து காவல் காக்கிறது. எல்லாவற்றுக்கும் வெளியே ஓடு. ஓட்டோடு இருக்கும் கடலை நீண்ட நாள் தாங்குவது இந்த அடுக்கடுக்கான காப்பினால்தான். வறுக்கும்போது அந்த உறைகள் சிதைந்து, எண்ணெய் பருப்பின் மேற்பரப்பு வரை பரவுகிறது. தோலைப் புடைத்து நீக்கும்போது அடுத்த காப்பும் போகிறது. பருப்பு இரண்டாகப் பிளக்கும்போது காற்றுப் படும் பரப்பு கூடுகிறது. நீங்கள் வாங்கியது இந்த மூன்றும் நடந்து முடிந்த கடலை. வேலை மிச்சம் என்பதற்காக அதை வாங்கியிருப்பீர்கள். ஒரு வாரத்தில் தீரும் அளவென்றால் அதில் தவறே இல்லை. இரண்டரை மாதத்துக்கு வாங்கியதுதான் சிக்கல்.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. புதிதாக வறுத்த கடலையின் மணம், உள்ளே தொடங்கியிருக்கும் கெடுதலைச் சில காலம் மறைத்துவிடும். நாளாக ஆக வறுத்த மணம் மங்குகிறது. அதே நேரத்தில் ஆல்டிஹைடு கூடுகிறது. இரண்டும் எதிரெதிராக நகர்வதால், நேற்று வரை நன்றாக இருந்தது இன்று கெட்டுவிட்டதாக நமக்குத் தோன்றும்.

துண்டு முந்திரிக்கும் இதே கணக்குத்தான். முழு முந்திரியைவிடத் துண்டில் வெட்டுவாய் அதிகம், அங்கே செல்கள் உடைந்து எண்ணெய் வெளியே நிற்கிறது. பண்ருட்டியிலோ கொல்லத்திலோ முந்திரி ஆலைகளில் பருப்பைப் பெரிய டின்களிலும் பைகளிலும் அடைக்கும்போது, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டுக் கார்பன் டை ஆக்சைடையோ நைட்ரஜனையோ நிரப்புவது வழக்கம். அந்த அடைப்பு பிரியாதவரை பருப்பு பல மாதங்கள் நன்றாக இருக்கும். கடையில் பிரித்து, உதிரியாகத் தராசில் போட்ட அன்றே அந்தப் பாதுகாப்பு முடிந்துபோகிறது.

மூடி இறுக்கமாக இருந்தும் ஏன் கெட்டது?

உங்கள் கடிதத்தில் நான் திருத்த விரும்பும் இரண்டாவது எண்ணம் இது. இறுக்கமான மூடி வெளிக்காற்று புகுவதைத் தடுக்கும். உள்ளே ஏற்கெனவே இருக்கும் காற்றை அது என்ன செய்யும்? ஒரு லிட்டர் ஜாடியில் கால் கிலோ வறுத்த கடலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ 120 கிராம் எண்ணெய் இருக்கும். அந்த எண்ணெயில் சிக்கு வாடை தெரியத் தேவைப்படும் ஆக்சிஜன் சுமார் 30 மில்லி. அதாவது 150 மில்லி காற்றிலுள்ள ஆக்சிஜன் போதும். ஜாடியிலோ 700 மில்லிக்கும் மேல் காற்று இருக்கிறது. முழுக்க நிரப்பினாலும் பருப்புகளுக்கு இடையில் இருக்கும் வெற்றிடமே கிட்டத்தட்ட வேண்டிய அளவு ஆக்சிஜனைத் தந்துவிடும். உங்கள் டின் வாரத்துக்கு வாரம் காலியாகிக்கொண்டே வந்தது. எடுத்த கடலையின் இடத்தைக் காற்று பிடித்தது. ஒவ்வொரு முறை திறந்தபோதும் அது புதுக்காற்றாக மாறியது. மூடி அவசியம்தான், ஆனால் அது ஈரத்தையும் பூச்சியையும் தடுப்பதற்கே முதன்மையாகப் பயன்படுகிறது.

காற்றைத் தவிர்க்க முடியாதபோது நம் கையில் இருப்பது வெப்பம் ஒன்றுதான். பொதுவாக வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் இந்த மாற்றத்தின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. திருச்சியில் ஏப்ரல், மே மாதங்களில் வீட்டுக்குள்ளேயே 34, 35 டிகிரி இருக்கும். சமையலறைப் பரண் என்றால் அடுப்பின் வெப்பம் மேலே ஏறி அங்கேயே தங்கும், மேல்தளத்தின் சூடும் சேரும். 40 டிகிரியைத் தாண்டியிருந்தால் வியப்பில்லை. 4 டிகிரியில் உள்ள பிரிட்ஜோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 36 டிகிரி. வேகத்தில் அது பத்து மடங்குக்கும் மேல். வீட்டில் பொருள் வைக்க இடமில்லாதபோது பரண் வசதியானது என்பது உண்மைதான், ஆனால் எண்ணெய் உள்ள எந்தப் பருப்புக்கும் அதைவிட மோசமான இடம் வீட்டில் இல்லை என்றே சொல்வேன்.

பழைய தகர டின் பற்றியும் ஒரு சொல். போன தடவை இருந்த கடலையின் எண்ணெய், டின்னின் மூலைகளிலும் மூடியின் விளிம்பிலும் மெல்லிய பிசுக்காகப் படிந்திருக்கும். அது ஏற்கெனவே கெட்டுப்போன எண்ணெய். புதுப் பாலில் விட்ட உறைமோர் போல அது புதுச் சரக்கிலும் அதே மாற்றத்தைத் தொடங்கி வைக்கும். தகரம் உரிந்து துரு தெரியும் இடங்களில் இரும்பும் சேர்ந்து அதை விரைவுபடுத்தும். பித்தளை, செம்புப் பாத்திரங்களையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டும். செம்பு இரும்பைவிட வேகமாக எண்ணெயைக் கெடுக்கும்.

நமுத்ததா, சிக்கா, பூசணமா?

இவை மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் தவறான வைத்தியம் நடக்கிறது. நமுத்துப்போவது என்பது பருப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு மொறுமொறுப்பை இழப்பது. கடித்தால் ரப்பர் போல இருக்கும், ஆனால் மணமும் சுவையும் சரியாக இருக்கும். இதை இளஞ்சூட்டில் மறுபடி வறுத்தால் சரியாகிவிடும். சிக்கு பிடித்த பருப்போ நல்ல மொறுமொறுப்பாகவே இருக்கலாம். உங்கள் வாடிக்கையாளர்கள் யாரும் உருண்டை மெத்தென்று இருப்பதாகச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அதை மறுபடி வறுத்தால் ஆல்டிஹைடில் ஒரு பகுதி ஆவியாகிப் போகும், சிறிது நேரம் வாடை குறைந்தது போலிருக்கும். ஆனால் உள்ளே மிச்சமிருக்கும் ஹைட்ரோபெராக்சைடு அந்தச் சூட்டிலேயே உடைந்து, சில நாட்களில் முன்னைவிடக் கூடுதலாகக் காறும். வெயிலில் காயவைப்பதும் அப்படியே. அறுவடை செய்த கடலையை ஓட்டோடு களத்தில் உலர்த்துவது வேறு; உடைத்த பருப்பை நேர் வெயிலில் பரப்புவது வேறு. இரண்டாவதில் வெப்பம், ஒளி, காற்று மூன்றும் சேர்ந்து எண்ணெயைத் தாக்குகின்றன.

சிக்கைக் கண்டுபிடிக்க நான் பரிந்துரைக்கும் வழி எளிது. டின்னின் மேலிருந்து மட்டும் எடுக்காமல், நடுவிலும் அடியிலுமாகப் பத்துப் பதினைந்து பருப்புகளை எடுத்து நசுக்கி, நன்றாகக் கழுவி உலர்ந்த சிறு கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடுங்கள். அதே அளவு புதுக்கடலையை வறுத்து, ஆறிய பின் நசுக்கி இன்னொரு புட்டியில் போடுங்கள். இரண்டையும் பத்து நிமிடம் சுடுநீரில் நிறுத்திவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து முகருங்கள். குளிர்ந்த நிலையில் பருப்புக்குள் ஒளிந்திருக்கும் வாடை, சூட்டில் மேலெழுந்து புட்டியின் வாயில் நிற்கும். பெயின்ட், மெழுகு, அட்டை, பழைய எண்ணெய் ஆகியவற்றுள் எதன் சாயல் தெரிந்தாலும் அது சிக்குதான். ஒரே சமையலறையில் நாள் முழுவதும் இருப்பவரின் மூக்கு அந்த வாடைக்குப் பழகிப்போயிருக்கும் என்பதால், வெளியிலிருந்து வரும் ஒருவரையும் முகரச் சொல்லுங்கள்.

அடுத்தது நாக்கு. ஒரு பருப்பை மென்று விழுங்கிவிட்டு அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். புதுக்கடலையில் இனிப்பு மிஞ்சும். கெட்டதில் நாக்கின் அடியில் கசப்பும் தொண்டையில் காறலும் பிந்தி வரும். ஒரே ஒரு பருப்பு மட்டும் கசந்தால் அது சூம்பிய பருப்பாகவோ, நுனியிலுள்ள முளைப்பகுதியின் இயல்பான கசப்பாகவோ இருக்கலாம். ஆகவே ஐந்தாறைச் சுவைத்த பிறகே முடிவுக்கு வாருங்கள். நிறத்தை நம்ப வேண்டாம். கெட்ட கடலையின் உட்புறம் வெண்மை மாறி மஞ்சளாகவும் எண்ணெய் ஊறியது போலவும் தெரிவதுண்டு, முந்திரியும் தந்த நிறத்திலிருந்து பழுப்பேறும். ஆனால் ஆலையில் சற்றே சூடு அதிகமாகி நிறம் மாறிய நல்ல முந்திரியும் சந்தையில் விற்கிறது.

மூன்றாவதாகப் பூசணம். புற்றுநோய் பற்றி உங்களிடம் சொன்னவர், இரண்டு வேறு செய்திகளை ஒன்றாக்கிவிட்டார் என்று நினைக்கிறேன். கல்லீரல் புற்றுநோயோடு தொடர்புடையது அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு. அதை உண்டாக்குவது ஆஸ்பர்ஜில்லஸ் வகைப் பூசணம். எண்ணெயின் ஆக்சிஜனேற்றம் அல்ல. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டபோது, அவற்றுக்குப் போட்ட கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்துதான் இந்த நஞ்சு கண்டறியப்பட்டது. பருப்பு ஈரமாக இருந்தால்தான் இந்தப் பூசணம் வளரும். நன்கு உலர்ந்த, வறுத்த கடலை இரண்டரை மாதம் டின்னில் இருந்ததால் புதிதாக அஃப்லாடாக்சின் உண்டாகியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அஃப்லாடாக்சினுக்கு வாடை கிடையாது, வறுத்தாலும் முழுதாக அழியாது. வாடை இல்லாத கடலையெல்லாம் அதனாலேயே பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. வாங்கும்போது சூம்பியது, கறுத்தது, பச்சைத் தூள் படிந்தது, பூச்சி துளைத்தது ஆகியவற்றைப் பொறுக்கி எறிவதுதான் வீட்டளவில் செய்யக்கூடிய பாதுகாப்பு.

அப்படியானால் சிக்கு பிடித்த கடலை தீங்கற்றதா? தெரியாமல் ஓர் உருண்டை தின்றவருக்கு ஒன்றும் ஆகாது. அதிகம் தின்றால் சிலருக்கு வயிறு புரட்டலாம். ஆனால் ஆக்சிஜனேறிய கொழுப்பைத் தொடர்ந்து உண்பது உடலுக்கு நல்லதல்ல, பருப்பிலிருந்த வைட்டமின் ஈயும் அதற்குள் செலவாகிப் போயிருக்கும். காசு வாங்கிக்கொண்டு விற்பவர் என்ற முறையில், கெட்டது என்று தெரிந்த பொருளைப் பண்டத்தில் சேர்ப்பது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படியும் உங்களைப் பொறுப்பாளியாக்கும். செக்கில் கொடுத்தால் கெட்ட எண்ணெய்தான் வரும். செக்கு எண்ணெயைப் பிழியும், சுத்திகரிக்காது. கோழிக்கும் மாட்டுக்கும்கூடப் போட வேண்டாம். எருக்குழியில் கொட்டி மண்ணைத் தள்ளிவிடுங்கள். 6 கிலோவின் விலை உங்களுக்குச் சிறிய இழப்பு அல்ல என்பது எனக்குத் தெரிகிறது. ஆனால் அந்தக் கடலையில் பிடிக்கும் உருண்டைகள் திரும்பி வந்தால் வெல்லம், எரிவாயு, உங்கள் உழைப்பு ஆகியவையும் அதோடு போய்விடும்.

கடைக்காரர்மீது புகார் கொடுக்கலாமா?

சட்டப்படி உங்களுக்கு வழி இல்லாமல் இல்லை. வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொன்னாலும், சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கிப் பயன்படுத்துபவருக்கு அதே சட்டம் விலக்குத் தருகிறது. ஆனால் எதை வைத்து நிரூபிப்பீர்கள்? சரக்கு உதிரி, வறுத்த நாளும் காலாவதி நாளும் எங்கும் எழுதப்படவில்லை. ஏப்ரலில் செய்த உருண்டையில் யாரும் குறை சொல்லவில்லை. அதன்பின் கடலை உங்கள் பரணில் கோடை முழுவதும் இருந்திருக்கிறது. நீங்கள் விவரித்த சூழ்நிலையில், அன்று வறுத்த கடலையாக இருந்திருந்தாலும் ஜூனுக்குள் கெட்டிருக்கும் என்பதே என் கணிப்பு. ஆகவே கடைக்காரர் ஏமாற்றினார் என்ற முடிவுக்கு வர இதில் இடமில்லை.

அதற்குப் பதிலாக இனி கேட்டு வாங்குங்கள். மூட்டையில் உள்ள சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்; வறுத்தது என்றால் எந்த நாள் வறுத்தது என்று கேளுங்கள்; ரசீது வாங்குங்கள். வாங்கிய அன்றே புட்டிச் சோதனையைச் செய்துவிட்டால், குறை இருக்கும்போது மறுநாளே திருப்பிக் கொடுக்கலாம். அந்த நிலையில் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும்.

இனி எப்படி வாங்குவது, எப்படி வைப்பது?

உங்கள் கணக்குப்படி பத்துப் பதினோரு வாரத்தில் 9 கிலோ செலவாகியிருக்கிறது. வாரத்துக்கு ஒரு கிலோவுக்கும் குறைவு. இந்த அளவுக்கு 15 கிலோ வாங்குவதில் கிடைக்கும் விலைச் சலுகை, இப்போது எருவுக்குப் போகும் 6 கிலோவில் கரைந்துவிட்டது. ஆகவே மாதத்துக்கு 4 கிலோ, தோலோடு கூடிய பச்சைக் கடலையாக வாங்குங்கள். சூம்பியதையும் உடைந்ததையும் பொறுக்கிவிட்டு, கிலோ வீதம் தடித்த பைகளில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி பிரிட்ஜில் வையுங்கள். வாரத்துக்கு ஒரு பையை எடுத்து, அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வறுத்துத் தோல் நீக்குங்கள். வேலை கூடும் என்பது உண்மை. ஆனால் வறுத்த ஒரு வாரத்துக்குள் உருண்டை பிடித்தால், அது வாடிக்கையாளர் வீட்டில் இருக்கும் நாட்களுக்கும் சேர்த்து நல்ல காலம் மிஞ்சும்.

பிரிட்ஜில் வைத்தால் நமுக்கும் என்ற உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. அதன் காரணம் குளிர் அல்ல, திறக்கும் முறை. குளிர்ந்த பையை வெளியே எடுத்தவுடன் பிரித்தால், நம் ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த பருப்பின்மேல் துளியாகப் படிந்துவிடும். பையை எடுத்து, பிரிக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் வெளியே வைத்து, தொட்டால் சில்லிப்பு இல்லாத நிலை வந்த பிறகு பிரியுங்கள். இரவில் எடுத்து வைத்துக் காலையில் பிரிப்பது இன்னும் எளிது. தேவையான அளவுக்குச் சிறு பைகளாகக் கட்டச் சொல்வதும் இதற்குத்தான். ஒரே பெரிய பையைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடினால் ஒவ்வொரு முறையும் ஈரம் ஏறும். கொழுப்பு மணத்தை இழுக்கும் என்பதால் வெங்காயம், மீன் பக்கத்தில் வைக்க வேண்டாம். மெல்லிய பாலித்தீன் பை வாடையையும் ஆக்சிஜனையும் உள்ளே விடும். பல அடுக்குப் பையோ, வாய்வரை நிரப்பிய கண்ணாடி ஜாடியோ நல்லது.

முந்திரியை உறைநிலைப் பெட்டியிலேயே வைக்கலாம். அதில் இருக்கும் ஈரம் 5 சதவீதத்துக்கும் குறைவு என்பதால் பனிக்கட்டி உருவாகித் தன்மை கெடுவதில்லை. ஓராண்டு வரைகூட நன்றாக இருக்கும். பிரிட்ஜில் என்றால் ஆறு மாதம். வெளியே, நம் கோடையில், துண்டு முந்திரிக்கு ஒரு மாதத்துக்கு மேல் நான் கணக்கு வைப்பதில்லை. கேக்குக்கு எப்படியும் அரைக்கத்தானே போகிறோம் என்று துண்டு வாங்குவது நியாயமான சிக்கனம்தான். அப்படியென்றால் காற்று நீக்கி அடைத்த அரைக் கிலோ, ஒரு கிலோ பொட்டலங்களாக வாங்கி, பிரித்ததை அந்த வாரத்திலேயே முடித்துவிடுங்கள். அரைத்த பொடியை எடுத்து வைக்க வேண்டாம்.

டின்னில் கிராம்பு, வசம்பு, காய்ந்த மிளகாய் போட்டு வைக்கும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், அது பூச்சியை ஓரளவு விலக்கலாம். எண்ணெய் கெடுவதைத் தடுக்காது. பூச்சிதான் கவலையென்றால், வாங்கி வந்த பச்சைக் கடலையை முதல் நான்கு நாள் உறைநிலைப் பெட்டியில் வைத்து எடுங்கள். முட்டையும் புழுவும் செத்துவிடும்.

வாய்ப்புக் கிடைத்தால் இன்னொன்றையும் விசாரியுங்கள். 2020இல் வெளியிடப்பட்ட கிர்னார் 4, கிர்னார் 5 ஆகிய நிலக்கடலை இரகங்களில் ஒலியிக் அமிலம் ஏறத்தாழ 80 சதவீதம். கெடுதலைத் தொடங்கும் லினோலிக் அமிலம் மிகக் குறைவு. அதே சூட்டில், அதே டின்னில் வைத்தாலும் இவை சாதாரணக் கடலையைவிடப் பல மடங்கு நாள் தாங்கும். உங்கள் பகுதியில் யாராவது பயிரிடுகிறார்களா என்று வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டால் தெரிந்துவிடும்.

கடைசியாக டின்கள். துருவேறியவற்றைக் கழித்துவிடுங்கள். நல்லவற்றைச் சோப்பும் கொதிநீரும் விட்டு, மூடியின் மடிப்பு வரை தேய்த்துக் கழுவி, முற்றிலும் உலர்ந்த பிறகு மூடி ஒரு நாள் வைத்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். வாடை இன்னும் இருந்தால் அந்த டின்னை அரிசிக்கோ துவரம்பருப்புக்கோ ஒதுக்கிவிட்டு, கடலைக்கும் முந்திரிக்கும் கண்ணாடியோ எவர்சில்வரோ எடுத்துக்கொள்ளுங்கள்.